ஐந்து வருட ஒயரிங் அனுபவத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?

மதுரை திருநகரில் எந்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தாலும் இரண்டு தெருவுக்கு ஒரு வீடு கட்டுமானத்தில் இருக்கிறது. சுவரை வெட்டி பைப் பதிப்பது, ஒயர் இழுப்பது, எர்த் குழி தோண்டுவது என்று பல வருடம் உழைத்தவர்களில் பலரிடம் தொழில் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. அவர்களுக்காகவே தமிழ்நாடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒயரிங் தொழிலில் ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். வயதுக்கு உச்சவரம்பு கிடையாது.

வயதைக் காட்ட ஆவணம் இருக்கும். அனுபவத்துக்குத்தான் ஒருவர் எழுதித் தர வேண்டும். பல விண்ணப்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன.

எழுதித் தர ஏற்றவர், அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர். பல்பு, ஃபேன், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் போக, மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணைய விதிகள் சொல்கின்றன. ஆகவே நம்மை மேற்பார்த்தவர் யார் என்ற கேள்விக்குச் சட்டப்படி ஒரு விடை இருந்தாக வேண்டும்.

நடப்பு வேறு. உரிமம் இல்லாத மேஸ்திரி ஒருவர் வேலையைப் பேசி எடுப்பார். கடைசியில் மின் இணைப்புக்கான சோதனை அறிக்கைக்கு மட்டும் ஒரு ஒப்பந்ததாரரிடம் கையெழுத்து வாங்குவார். சுவர் வெட்டிய பையனை அந்த ஒப்பந்ததாரர் பார்த்தே இருக்க மாட்டார். “அண்ணே, ஒரு லெட்டர் போட்டுக் குடுங்க” என்று பிறகு போய் நின்றால், நேர்மையானவர் தயங்குவார். தயங்காதவர் மொத்தமாக “ஐந்து வருடம் வேலை பார்த்தார்” என்று எழுதி சீல் குத்திவிடுவார். என் கணிப்பில் இரண்டாவது ஆளிடம்தான் ஆபத்து அதிகம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2018 ஜூன் 1 முதல் 2020 மார்ச் 24 வரை ஒரு ஒப்பந்ததாரரிடம் இருந்தார். மறுநாள் ஊரடங்கு, வேலை நின்றது. 2020 அக்டோபர் 1 முதல் 2024 ஜனவரி 31 வரை இன்னொருவரிடம் இருந்தார். முதலாவது ஏறத்தாழ ஒரு வருடம் பத்து மாதம். இரண்டாவது மூன்று வருடம் நான்கு மாதம். கூட்டினால் ஐந்து வருடத்தைத் தாண்டிவிடுகிறது. இவருக்கு வேண்டியது இரண்டு கடிதங்கள்.

அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு, 2018 முதல் 2024 வரை முழுவதும் தன்னிடமே இருந்ததாக இரண்டாமவரிடம் எழுதி வாங்கினால்? அவர் உரிமம் எடுத்ததே 2019 என்றால், உரிமத்தின் தேதியே கடிதத்தைப் பொய்யாக்கிவிடும். வேலை நின்ற ஆறு மாதமும் அனுபவக் கணக்கில் சேர்ந்துவிடும். பிறந்த தேதியும் இப்படிக் காட்டிக்கொடுக்கும். 2003-இல் பிறந்தவர் 2015 முதல் ஒயரிங் செய்தார் என்றால், பன்னிரண்டு வயதுச் சிறுவனை வேலைக்கு வைத்தேன் என்று ஒப்பந்ததாரர் தன் கையாலேயே எழுதித் தந்ததாக ஆகும்.

நல்ல கடிதம் சுருக்கமானது. நிறுவனத்தின் லெட்டர்பேடில், உரிம எண்ணும் அது செல்லுபடியாகும் காலமும் தெரிய, இப்படி இருந்தால் போதும்: “இன்னாரின் மகன் இன்னார், 01.10.2020 முதல் 31.01.2024 வரை எங்களிடம் ஒயரிங் உதவியாளராக வேலை பார்த்தார். வீடுகளுக்குப் பைப் பதித்தல், ஒயர் இழுத்தல், டிபி பாக்ஸ் இணைத்தல், எர்த் அமைத்தல் ஆகியவற்றை எங்கள் மேற்பார்வையாளரின் கீழ் செய்தார்.” கீழே தேதி, பெயர், கையெழுத்து, சீல், கேட்டால் பேசக்கூடிய தொலைபேசி எண். “நல்ல ஒழுக்கமுள்ளவர், கடின உழைப்பாளி” என்று பாதிப் பக்கம் நிரப்புகிறார்கள். செய்த வேலை என்ன என்ற ஒரு வரி இல்லாமல் அந்தப் பாராட்டால் பயன் இல்லை. பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் உள்ள எழுத்திலேயே இருக்கட்டும். இனிஷியல் மாறினாலே திருப்பி அனுப்பக் காரணம் கிடைத்துவிடும்.

தளத்தில் கூட நின்ற சூப்பர்வைசருக்குத்தான் உங்கள் வேலை நன்றாகத் தெரியும். வேலை விவரத்தை அவரிடம் சொல்லி எழுதி வாங்கி, ஒப்பந்ததாரரிடம் கையெழுத்துக்குக் கொண்டு போங்கள். மேஸ்திரியிடம் மட்டுமே இருந்தவர்கள், இனியாவது உரிமம் உள்ளவரிடம் சேர்ந்து அன்றிலிருந்து கணக்கை ஆரம்பிப்பதே வழி.

ஒரு நிறுவனத்தை விட்டு விலகும் அன்றே கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒப்பந்ததாரர் தொழிலை மூடிவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. தேர்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் பற்றிய விவரங்களை மதுரைக்காரர்கள் கோ.புதூர் அரசு ஐடிஐ-யில் விசாரிக்கலாம்.