விரலால் மூடிப் பார்க்கும் வரைபடம்

பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் இணையதளம் ஒன்று அமேசானின் மும்பை கிளவுடில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அமைப்பைத் தாளில் போடச் சொன்னால் பெரும்பாலும் எல்லோரும் சர்வரில் ஆரம்பிப்பார்கள். இடத்தில் ஆரம்பித்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

முதலில் ஒரு பெரிய கட்டம் போட்டு, மேலே 'மும்பை' என்று எழுதுங்கள். அதற்குள் இரண்டு நெட்டைப் பத்திகள்: ap-south-1a, ap-south-1b. இவற்றை அவைலபிலிட்டி ஸோன் என்கிறார்கள். தனித்தனி மின்சாரமும் நெட்வொர்க்கும் கொண்ட டேட்டா சென்டர்கள் இவை. ஒன்று படுத்தாலும் மற்றது நிற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மும்பையில் இப்படி மூன்று உண்டு. நமக்கு இரண்டு போதும். இனி எதை வரைந்தாலும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இது எந்தப் பத்தியில் இருக்கிறது?

வருகிற பயணிகளைப் பிரித்து அனுப்புவது லோடு பேலன்சர். இதை ஏதோ ஒரு பத்திக்குள் போட்டால், அந்த ஸோன் போனதும் வாசல் மூடிவிடும் என்று படம் சொல்லும். உண்மையில் அது இரண்டு ஸோன்களிலும் இயங்குவது. ஆகவே இரு பத்திகளுக்கும் குறுக்கே நீளமாக வரையுங்கள். அதன் கீழே பத்திக்கு ஒன்றாக இரண்டு ஆப் சர்வர்கள். அம்புக்குறி போட்டு விடுவதோடு நிறுத்தாமல் அதன்மேல் எழுதவும் வேண்டும்: பயணியிடமிருந்து வருவது 443, சர்வருக்குப் போவது 8080. லோடு பேலன்சர் ஒவ்வொரு சர்வரையும் 30 விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். தொடர்ந்து இருமுறை பதில் இல்லையென்றால் அங்கே ஆளனுப்புவதை நிறுத்திவிடும். யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் கணக்கு இது. அதாவது சர்வர் செத்தபின்னும் ஒரு நிமிடம் வரை சிலருக்குப் பிழைச் செய்தி வரலாம். இதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

டேட்டாபேஸில்தான் கோடுகள் குழம்பும். 1a-யில் முதன்மை டேட்டாபேஸ், 1b-யில் அதன் மாற்று. முதன்மையில் எழுதியது மாற்றிலும் பதிவான பிறகே 'முடிந்தது' என்ற பதில் வரும், இதற்கு முழுக்கோடு. வழக்கமான ஏற்பாட்டில் இந்த மாற்று எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது, காத்திருப்பதுதான் அதன் வேலை. ஆகவே ஆப் சர்வரிலிருந்து அதற்கு அம்பு போடக்கூடாது. முதன்மை விழுந்தால் பொதுவாக ஒன்றிரண்டு நிமிடத்தில் அதே முகவரி மாற்றைச் சுட்டத் தொடங்கும்.

மூன்றாவதாக, படிப்பதற்கென்றே ஒரு நகல் 1b-யில் இருக்கிறது. முதன்மை இதற்காகக் காத்திருப்பதில்லை, நகல் பின்னாலேயே ஓடி வரும், இதற்குப் புள்ளிக்கோடு. சாதாரண நாளில் வித்தியாசம் தெரியாது. பொங்கல் நெரிசலில் தெரியும். ஒருவர் பணம் கட்டி 14-ஆம் இருக்கையை எடுக்கிறார். உடனே 'என் டிக்கெட்டுகள்' பக்கத்தைத் திறந்தால் அங்கே ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் நகலிலிருந்து படிக்கிறது, நகலோ சில விநாடி பின்தங்கியிருக்கிறது. பதறிப்போய் இன்னொரு முறை பணம் கட்டுகிறார். அதனால் அம்புகளில் 'எழுத', 'படிக்க' என்று பிரித்து எழுதி, டிக்கெட் பக்கத்துக்கான அம்பை மட்டும் முதன்மைக்கே திருப்பிவிட வேண்டும்.

படம் முடிந்ததும் 1a பத்தியை உள்ளங்கையால் மூடுங்கள். மிச்சமிருப்பதை வைத்து ஒரு டிக்கெட் எடுக்க முடிகிறதா? லோடு பேலன்சர் இருக்கிறது, ஒரு சர்வர் இருக்கிறது, மாற்று டேட்டாபேஸ் பொறுப்பேற்கிறது. ஆனால் இரண்டு சர்வரும் ஏற்கெனவே 70 சதவீதம் திணறிக்கொண்டிருந்தால், ஒற்றைச் சர்வர் இருவர் சுமையைத் தாங்காது. லாகின் விவரம் செத்த சர்வரின் நினைவகத்திலேயே இருந்திருந்தால், அதில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள்.

இன்னொன்று சட்டென்று கண்ணில் படாது. ஆப் சர்வர்கள் வெளியுலகுக்கு நேரே தெரியாத தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன. பணம் வாங்கும் நிறுவனத்தைக் கூப்பிட அவை நாட் கேட்வே வழியாகத்தான் வெளியே போகும். செலவை மிச்சப்படுத்தி அதை 1a-யில் ஒன்று மட்டும் வைத்திருப்பார்கள். மூடிய கைக்கு அடியில் அதுவும் போய்விடும். பேருந்து தெரியும், இருக்கை தெரியும், பணம் மட்டும் கட்ட முடியாது. உள்ளே வரும் அம்புகளை வரைந்துவிட்டு வெளியே போகும் அம்பை விட்டுவிடும் படங்களில் இது அகப்படவே அகப்படாது.

கையால் மூடினாலும் தெரியாத ஒரு கோளாறும் உண்டு. யாரோ தவறுதலாக முன்பதிவு அட்டவணையை அழித்துவிட்டால், அந்த அழிப்பும் மாற்றுக்கும் நகலுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆகவே இரு பத்திகளுக்கும் வெளியே பேக்கப்புக்கு ஒரு தனிக் கட்டம் போட்டு, எத்தனை நாள் வரை வைத்திருக்கிறீர்கள் என்பதை அதற்குள் எழுதுங்கள்.