சார்ஜ் ஏறுகிறது, மானிட்டரில் மட்டும் படம் வரவில்லை

சார்ஜ் ஏறுகிறது. பென்டிரைவ் திறக்கிறது. மவுஸை நகர்த்தினால் போன் திரையில் அம்புக்குறி ஓடுகிறது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்ற வரி நகராமல் நிற்கிறது. போனை மானிட்டரில் மாட்டி லேப்டாப் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹப் வாங்கியவர்களில் பலர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஹப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். மாற்றித் தந்த ஹப்பிலும் படம் வராது. ஏனென்றால், பெரும்பாலும் குறை ஹப்பில் இல்லை, போனில் இருக்கிறது.

யூஎஸ்பி-சி துளை எல்லா போன்களிலும் ஒரே வடிவம். உள்ளே 24 பின்கள். ஆனால் அத்தனை பின்களுக்கும் கம்பி இழுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மின்சாரத்துக்குச் சில, பழைய யூஎஸ்பி 2.0 வேகத்தில் தரவு போக ஓர் இணைக் கம்பி, ‘எதிர்முனையில் இருப்பது யார்’ என்று பேசிக்கொள்ள ஒரு கம்பி: இவ்வளவு இருந்தாலே சார்ஜ் ஏறும், கீபோர்டும் மவுஸும் வேலை செய்யும். படம் போவது வேறு பாதையில். துளைக்குள் நான்கு அதிவேகத் தடங்கள் உண்டு. அவற்றில் இரண்டையோ நான்கையுமோ தரவிடமிருந்து வாங்கி வீடியோவுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். வெசா அமைப்பு இதை 2014-இல் அறிவித்தது. நடுத்தர விலை போன்கள் பலவற்றில் இந்தத் தடங்களே இணைக்கப்படுவதில்லை. சாம்சங் கேலக்ஸி ஏ54, ஏ55 போன்றவை நல்ல போன்கள்தான், ஆனால் துளை யூஎஸ்பி 2.0. எவ்வளவு விலையுயர்ந்த ஹப்பை மாட்டினாலும் அவற்றிலிருந்து நேரடியாகப் படம் வராது.

ஆகவே மேலே சொன்ன அறிகுறியே ஒரு நல்ல சோதனை. ஹப்பில் மவுஸ் ஓடுகிறது, படம் இல்லை என்றால், யூஎஸ்பி 2.0 பாதை உயிரோடு இருக்கிறது, வீடியோ பாதைதான் இல்லை. முடிவுக்கு வருவதற்கு முன் அதே ஹப்பை வீடியோ தரும் வேறொரு போனிலோ லேப்டாப்பிலோ ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். அங்கே படம் வந்தால் கேள்வி போனைப் பற்றியதுதான்.

வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள, போனின் விவரப் பட்டியலில் யூஎஸ்பி வரியைப் படிக்க வேண்டும். அங்கே “DisplayPort” என்ற சொல் இருந்தால் நிம்மதி. “USB Type-C 2.0” என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் படம் கிடையாது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. 2023-இல் வந்த ஐபோன் 15-இன் தரவு வேகம் யூஎஸ்பி 2.0 அளவுதான், ஆனாலும் அது மானிட்டருக்கு 4கே படம் அனுப்பும். அதில் வருவது போன் திரையின் நகல் மட்டுமே, தனி டெஸ்க்டாப் அல்ல. கூகுள் பிக்சல் 8 கதை வேறு மாதிரி. அதே 2023-இல் வெளிவந்த அந்த போனில் வன்பொருள் தயாராக இருந்தும் வீடியோ வெளியீடு பூட்டியே கிடந்தது. 2024 ஜூனில் வந்த அப்டேட்தான் அதைத் திறந்துவிட்டது.

அடுத்த சந்தேகம் கேபிள் மீது. மானிட்டரிலேயே யூஎஸ்பி-சி துளை இருந்தால், போன் பெட்டியில் வந்த சார்ஜிங் கேபிளை எடுத்து மாட்டத் தோன்றும். அந்தக் கேபிள்களில் பெரும்பாலானவற்றுக்குள் அதிவேகத் தடங்களுக்கான கம்பிகளே இல்லை. சார்ஜ் மட்டும் ஏறும். வால்போல் கேபிள் ஒட்டியே வரும் ஹப்பில் இந்தச் சிக்கல் எழாது, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே பாதுகாப்பான வழி.

இனி டெஸ்க்டாப் மோட். சாம்சங் தன் டெக்ஸை 2017-இல் கேலக்ஸி எஸ்8 உடன் கொண்டுவந்தது. அப்போது அதற்கென்றே தனி டாக் வாங்க வேண்டியிருந்தது. 2018-இல் நோட் 9 வந்தபோது சாதாரணக் கேபிளே போதும் என்றாயிற்று. மோட்டோரோலா 2021 முதல் ‘ரெடி ஃபார்’ என்ற பெயரில் தந்ததுதான் இப்போதைய ‘ஸ்மார்ட் கனெக்ட்’. இரண்டிலும் செயலிகள் தனித்தனி ஜன்னல்களில் திறக்கும் என்பதுதான் சாரம். கீழே டாஸ்க்பார், வலது கிளிக், நகலெடுத்து ஒட்டுதல் எல்லாம் உண்டு.

கையில் பழைய கேலக்ஸி எஸ்20 எஃப்இ, மேசையில் எச்டிஎம்ஐ துளையுள்ள 1080பி மானிட்டர், இவற்றோடு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத வேண்டிய ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது எச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி துளை, சார்ஜர் மாட்டத் தனி சி துளை கொண்ட ஒரு ஹப். முதலில் சார்ஜரை ஹப்பில் மாட்டிவிட்டுப் பிறகு போனை இணைப்பது நல்லது. வேலை நடுவில் சார்ஜரைச் செருகினால் மின் இணைப்பு புதிதாகப் பேசித் தீர்க்கப்படும், திரை ஒரு கணம் அணைந்து எரியும். போனில் டெக்ஸ் அறிவிப்பைத் தட்டியதும் மானிட்டரில் டெஸ்க்டாப் விரியும். ஒரு பக்கம் பிடிஎஃப், மறுபக்கம் கூகுள் டாக்ஸ். மவுஸ் இல்லாத நாளில் போன் திரையே டச்பேட் ஆகும்.

இங்கே திடீரென்று வகுப்பு வீடியோவில் சத்தம் போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை. ஒலியும் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்விட்டது, அந்த மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. டெக்ஸ் அமைப்புகளில் ஒலியைப் போனுக்குத் திருப்பலாம், அல்லது ப்ளூடூத் இயர்போன் போதும்.

4கே மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. படம் வரும், ஆனால் மவுஸ் இழுத்தடிப்பதுபோல் இருக்கும். நொடிக்கு 60 முறை மாறும் 4கே படத்துக்குச் சுமார் 12.8 ஜிகாபிட் வேண்டும். ஹப்பில் வேகமான யூஎஸ்பி 3 துளைகள் இருந்தால், அவற்றுக்கு இரண்டு தடம் போய் வீடியோவுக்கு இரண்டுதான் மிஞ்சும். பரவலாக உள்ள வேகத்தில் அந்த இரண்டும் சேர்ந்து சுமப்பது 8.64 ஜிகாபிட். அதனால் படம் 30 முறைக்கு இறங்கிவிடுகிறது. ஹப் பெட்டியில் “4K@30Hz” என்று பொடி எழுத்தில் இருப்பது இதைத்தான். புதிய போனும் அதற்கேற்ற ஹப்பும் இதைத் தாண்டிவிடும். இல்லாவிட்டால் 1440பி அல்லது 1080பிக்கு இறக்கிக்கொள்வதே கண்ணுக்கும் கைக்கும் நல்லது. 1080பிக்கு நான்கு ஜிகாபிட்கூடத் தேவைப்படாது, எந்த ஹப்பும் அதைச் சுமக்கும்.

வீடியோ தராத போன் வைத்திருப்பவர்களுக்கு டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர் ஒரு மாற்று. அது படத்தைச் சுருக்கி, சாதாரணத் தரவாக அனுப்புகிறது. அதற்குரிய செயலியைப் போனில் நிறுவ வேண்டும். ஸ்லைடு காட்டப் போதும். டெஸ்க்டாப் கிடைக்காது, காப்புரிமைப் பூட்டுள்ள படங்கள் கறுப்பாகவே தெரியும்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது எக்செல்லை. ஆண்ட்ராய்டு எக்செல்லில் மேக்ரோ ஓடாது, பிரவுசரில் திறக்கும் எக்செல்லிலும் வி.பி.ஏ. மேக்ரோவை ஓட்ட முடியாது. மின்னஞ்சல், மீட்டிங், அப்ரூவல், எளிய ஷீட் என்று இருப்பவருக்கு டெஸ்க்டாப் மோட் தாராளம். மாதக் கடைசியில் மேக்ரோ ஷீட்டைத் தட்டியே ஆக வேண்டிய கணக்குப் பிரிவுக்காரர், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துதான் அதைச் செய்ய வேண்டும். அதற்கு அந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதில் இருப்பது விண்டோஸ் ப்ரோ பதிப்பாகவும் இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு இப்படி வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடாது.