முதலில் வாசல், பிறகு தீ

1977 மே 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் பெவர்லி ஹில்ஸ் விருந்து விடுதி தீப்பிடித்தது. 18 வயதுப் பணியாளர் வால்டர் பெய்லி மேடையேறி மைக்கைப் பிடித்தார். முதலில் வாசல்களைக் காட்டினார். பிறகுதான் தீயைச் சொன்னார். நகைச்சுவை நிகழ்ச்சியின் பகுதி என்றே சிலர் நினைத்தார்கள். 165 பேர் இறந்த அந்த இரவில் அவரால் பிழைத்தவர்கள் ஏராளம்.

சமையலறைத் தீக்கும் அந்த வரிசையே சரி.

“எல்லோரும் தெருப்பக்க வாசல் வழியாக இப்போதே வெளியே வாருங்கள். சமையலறையில் தீ. பைகளை எடுக்க வேண்டாம்.”

‘சின்னக் கோளாறு’ என்று மழுப்பினால் சாப்பிடுகிறவர் எழமாட்டார். சென்னை உணவகமென்றால் தமிழில் முழுதாகச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் அப்படியே சொல்ல வேண்டும். மொழிகளைக் கலந்தால் யாருக்கும் விளங்காது. அறிவிக்கும்போதே ஒரு பணியாளர் வாசலில் நின்று கையசைக்கட்டும். உணவகம் நடத்துபவர்களே, இந்த வரிகளை இன்றே எழுதி கல்லாவில் ஒட்டிவையுங்கள்.