"அடக்கமான பொண்ணு" என்று விட்டுவிடப்பட்ட சிறுமிகள்

பள்ளி இடைவேளையில் மைதானத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே, ஆட்டிசம் உள்ள சிறுவனைப் பல நேரம் அடையாளம் கண்டுவிடலாம். மற்ற பையன்கள் பந்தோடு கூட்டமாக ஓடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் சுவரோரமாகத் தனியே நடந்துகொண்டிருப்பான். அதே மைதானத்தில் ஆட்டிசம் உள்ள சிறுமியைத் தேடினால் கண்ணில் படமாட்டாள். அவள் தோழிகளுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். அவர்கள் சிரிக்கும்போது சிரிப்பாள். கொஞ்ச நேரத்தில் விலகி அடுத்த கூட்டத்துக்குப் போவாள், அங்கேயும் ஒட்டாமல் திரும்பி வருவாள். மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியைக்கு, பத்துச் சிறுமிகள் பேசிக்கொண்டிருக்கும் காட்சிதான் தெரியும். அதில் ஒருத்தி அரை மணி நேரமாக எந்தப் பேச்சிலும் இல்லை என்பது தெரியாது.

அமெரிக்க ஆய்வாளர்கள் மிஷெல் டீன், ராபின் ஹார்வுட், கானி கசாரி மூவரும் பள்ளி மைதானங்களில் இதைத்தான் உட்கார்ந்து பார்த்துப் பதிவுசெய்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வு சொல்வது இது: ஆட்டிசம் இல்லாத பையன்கள் விதிமுறை உள்ள விளையாட்டுகளை ஆடுகிறார்கள், அதனால் தனித்து நிற்கும் பையன் பளிச்சென்று தெரிகிறான். ஆட்டிசம் இல்லாத சிறுமிகளோ இங்கும் அங்கும் நகர்ந்து பேசிக்கொண்டிருப்பவர்கள். அந்த நடமாட்டத்துக்குள் ஆட்டிசம் உள்ள சிறுமியும் கலந்துவிடுகிறாள். 'தனியாக இருக்கிற பிள்ளையைப் பாருங்கள்' என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பையன்கள்தான் கிடைப்பார்கள்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. பிறருடைய முகக்குறிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், சொல்லாமல் சொல்லும் சேதி இவையெல்லாம் மற்றவர்களுக்குத் தானாகப் புரிவதுபோல் இவர்களுக்குப் புரிவதில்லை. வழக்கம் மாறினால் தாங்க முடியாது. சில விஷயங்களில் ஆழ்ந்த, விடாத ஈடுபாடு இருக்கும். ஓசை, வெளிச்சம், துணியின் உறுத்தல் போன்றவை உடம்பையே படுத்தும். இது பெண்களிடமும் உண்டு. ஆனால் அறிவுக் குறைபாடு இல்லாத, பேச்சு நன்றாக வரும் சிறுமி ஒருத்தி, தான் மற்றவர்கள் மாதிரி இல்லை என்பதை ஆறேழு வயதிலேயே கவனித்துவிட்டால், அதை ஈடுகட்டத் தொடங்குகிறாள். இதைத்தான் மாஸ்கிங் என்கிறார்கள்.

அவள் செய்வது என்ன? வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவள் தலையாட்டுவதையும் 'அப்படியா!' என்று இழுப்பதையும் கைகளை வைத்துக்கொள்வதையும் மனப்பாடம் செய்வாள். கண்ணைப் பார்ப்பது எரிச்சலாக இருந்தால் புருவத்துக்கு நடுவே பார்க்கக் கற்றுக்கொள்வாள். பிறந்தநாள் விழாவுக்குப் போகுமுன் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று வசனம் எழுதி வைத்துக்கொள்வாள். கையை உதற வேண்டும் போலிருந்தால் பாவாடை மடிப்புக்குள் விரல்களை நெரித்துக்கொள்வாள். பெரும்பாலும் இது திட்டம் போட்டுச் செய்வதல்ல. ஒருமுறை கேலிக்கு ஆளானவள் இரண்டாம் முறை ஆகாமலிருக்கச் செய்வது.

நம் ஊரில் இதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. அதிகம் பேசாத, சொன்னதைக் கேட்கிற, பெரியவர்கள் சிரித்தால் சிரிக்கிற சிறுமி 'அடக்கமான பொண்ணு'. அதே அளவு பேசாத பையனைப் பற்றி 'ஏன் இப்படி இருக்கான், டாக்டர்கிட்ட காட்டுங்க' என்று அத்தையோ பாட்டியோ சொல்லியிருப்பார்கள். அவளுடைய ஆழ்ந்த ஈடுபாடும் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை. பையன் ரயில் நேர அட்டவணையை ஒப்பித்தால் விசித்திரமாகத் தெரிகிறது. அவள் பூனைகளைப் பற்றியோ ஒரு நடிகரைப் பற்றியோ ஒரே தொடர்கதையைப் பற்றியோ நினைத்துக்கொண்டே இருந்தால், அந்த வயதுப் பெண்கள் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். எதைப் பற்றி என்பதைவிட எவ்வளவு என்பதைக் கேட்டிருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஆட்டிசக் கூறுகள் அதே அளவு உள்ள சிறுமிகளில், அறிவுக் குறைபாடோ நடத்தைப் பிரச்சினையோ கூடவே இருந்தவர்களுக்குத்தான் ஆட்டிசம் என்ற முடிவு கிடைத்திருந்தது. பையன்களிடம் இந்த நிலை அப்படித் தெரியவில்லை. அதாவது, சிறுமி பிறருக்குத் தொந்தரவாக இருந்தால்தான் கவனிக்கப்படுகிறாள். யாருக்கும் தொந்தரவில்லாமல் தவிக்கிறவளை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. நான்கு பையன்களுக்கு ஒரு பெண் என்ற பழைய கணக்கை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் போட்ட கணக்கு, உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்றை ஒட்டியிருக்கும் என்கிறது.

பார்வை இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்ததற்கு வரலாறும் ஒரு காரணம். 1943இல் லியோ கானர் எழுதிய முன்னோடிக் கட்டுரையில் இருந்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். அடுத்த ஆண்டு ஹான்ஸ் அஸ்பெர்கர் விவரித்த நால்வரும் பையன்கள். இவர்களுக்கு முன்பே, 1920களில், மாஸ்கோ மருத்துவர் குருன்யா சுகரேவா பையன்களையும் பிறகு சிறுமிகளையும் விவரித்து எழுதியிருந்தார். அந்தப் பெண் மருத்துவரின் எழுத்து ஆங்கில உலகத்தின் கண்ணில் படப் பல பத்தாண்டுகள் ஆயின.

மருத்துவரிடம் போன பிறகும் தப்பிவிடுவது எப்படி? ஏடாஸ் என்ற பரிசோதனையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். நிபுணர் ஒருவர் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து பேசுவார். படக்கதையைச் சொல்லச் சொல்வார், நண்பர்களைப் பற்றிக் கேட்பார், கண்பார்வையையும் முகபாவத்தையும் கவனித்து மதிப்பெண் போடுவார். இந்தியாவில் ஊனமுற்றோர் சான்றிதழுக்கான ஐசா அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. கண்ணைப் பார்ப்பது குறைவா, சமூகப் புன்னகை இல்லையா, ஒதுங்கியிருக்கிறாரா என்று வெளியே தெரிவதைத்தான் பெரும்பாலும் எடைபோடுகிறது. மொத்தம் 70ஐத் தொட்டால் ஆட்டிசம். தனி அறையில், கனிவான ஒரே ஒருவரோடு, ஒரு மணி நேரம் என்பது மாஸ்கிங் செய்பவருக்கு மிகச் சுலபமான சூழல். இருபது ஆண்டுப் பயிற்சி அங்கே கைகொடுக்கிறது. கணக்குத் தேர்வில் விடையை மட்டும் திருத்திவிட்டு, வழிமுறையைப் பார்க்காமல் விடுவது போன்றது இது. விடை சரியாக இருக்கும். அவள் அதற்கு எத்தனை பக்கம் எழுதி அழித்தாள் என்பது தெரியாது.

ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். பல பெண்கள் சொல்வதைச் சேர்த்து நான் உருவாக்கிய மாதிரி இவர். வயது 34, வங்கியில் வேலை. மகனுக்கு ஐந்து வயதில் ஆட்டிசம் என்று தெரிகிறது. அவனுடைய சிறுவயது விவரங்களை உளவியலாளர் கேட்கக் கேட்க, 'நானும் அப்படித்தானே இருந்தேன்' என்று தாய்க்குத் தோன்றுகிறது. அமெரிக்க எழுத்தாளர் லியான் ஹாலிடே வில்லி, தன் மகள் வழியாகத் தன்னை அடையாளம் கண்டதை 1999இலேயே புத்தகமாக எழுதினார். பெரியவர்களான பிறகு தெரிந்துகொள்ளும் பெண்கள் பலர் இந்த வழியில்தான் வருகிறார்கள்.

நம் மாதிரிப் பெண்ணுக்கு அதற்குள் மூன்று பெயர்கள் சூட்டப்பட்டாயிற்று. கல்லூரியில் சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்தபோது உணவுக் கோளாறு, வேலையில் சேர்ந்ததும் பதற்ற நோய், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு. மூன்றும் பொய்யல்ல, மருந்தும் ஓரளவு உதவியது. ஆனால் எதற்காகப் பதற்றம் என்று யாரும் தோண்டவில்லை. உளவியலாளர் இப்போது வேறுவிதமாகக் கேட்கிறார். "உங்களுக்குத் தோழிகள் உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். "அந்தத் தோழி எப்படிக் கிடைத்தாள், நீங்களாகப் பேசினீர்களா?" என்று கேட்டதும், எப்போதும் யாரோ ஒருத்தி இவரைத் தத்தெடுத்துக்கொண்டதும், அவள் பள்ளி மாறியதும் இவர் தனியாக நின்றதும் வெளிவருகின்றன. "என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களே?" "மூணு செகண்ட் பார்ப்பேன் மேடம், அப்புறம் ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்ப்பேன். எண்ணிக்கிட்டேதான் பேசுறேன்."

அடுத்த கேள்வி, வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மண்டபத்தில் நான்கு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டு வந்தால், மறுநாள் முழுக்க இருட்டறையில் படுத்திருப்பார். குக்கர் விசில் கேட்டாலே அழுகை வரும், பேச்சே எழாது. பள்ளி நாளிலும் அப்படித்தான். டீச்சர் "தங்கமான பிள்ளை" என்பார், அவரது அம்மா "வீட்டுக்கு வந்தா பேயாட்டம்" என்பார். இருவரில் யாரோ ஒருவர் மிகைப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இந்த முரண்பாடே தடயம்: பள்ளியில் அடக்கிவைத்தது வாசற்படி தாண்டியதும் உடைகிறது.

லாரா ஹல்லும் அவரது சகாக்களும் லண்டனில் உருவாக்கிய கேட்-க்யூ என்ற வினாப்பட்டியல் இந்த உழைப்பைத்தான் அளக்கப் பார்க்கிறது. அதில் 25 வாக்கியங்கள். பிறரைப் பார்த்து முகபாவம் கற்பது, இயல்பை மறைப்பது, கூட்டத்தில் நடித்துச் சமாளிப்பது என்று மூன்று வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் அதில் அதிக மதிப்பெண் வந்தாலே ஆட்டிசம் என்று முடிவுகட்ட முடியாது. கூச்சமும் சமூகப் பதற்றமும் உள்ளவர்களும் தங்களை மறைக்கிறார்கள். ஆண்களிலும் மாஸ்கிங் செய்பவர்கள் உண்டு. பிரித்தறிய உதவும் ஒரு வழி, யாரும் பார்க்காதபோது என்ன இருக்கிறது என்று கேட்பது. பதற்றம் மட்டுமே உள்ளவருக்கு ஆளில்லாத வீட்டில் பெரும்பாலும் நிம்மதி. ஆட்டிசம் உள்ளவருக்கு ஆளில்லாத வீட்டிலும் சட்டையின் லேபிள் உறுத்தும், சாப்பாட்டுத் தட்டு மாறினால் கலங்கும், ஒரு விஷயத்தில் மூழ்கினால் பசி தெரியாது. சிறுவயதிலிருந்தே இவை இருந்தனவா என்பதும் கட்டாயம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு, அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்கிறது. கற்றுக்கொண்ட உத்திகளால் அவை பிற்காலத்தில் மறைந்திருக்கலாம் என்பதையும் அதே கையேடு ஒப்புக்கொள்கிறது.

தாமதத்துக்கு விலை உண்டு. மாஸ்கிங் அதிகமானவர்களிடம் தற்கொலை எண்ணமும் அதிகம் என்று 2018இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. நாள் முழுக்க இன்னொருத்தியாக இருந்து களைத்தவரிடம் "இன்னும் கொஞ்சம் நாலு பேரோட பழகு" என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை என்று நான் நினைக்கிறேன்.

சந்தேகம் வந்து பரிசோதனைக்குப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கையோடு கொண்டுபோனால் நல்லது. பழைய ரேங்க் கார்டுகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள், சிறுவயதைப் பார்த்த அம்மா, சித்தி அல்லது அக்கா ஒருவர், கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் எப்படி இருந்தது என்று சில வாரங்கள் எழுதிய குறிப்பேடு. உளவியலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்: "நான் இங்கே நன்றாகப் பேசுவேன். பேசி முடித்த பிறகு என்ன ஆகிறது என்று கேளுங்கள்."