மூன்று ஒப்பந்தங்கள், ஒரே அட்டவணை

ஒரு நிறுவனம் சர்வர், கூரியர், ஜெனரேட்டர் பராமரிப்பு என மூவரிடம் ஒப்பந்தம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனியே படித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு எக்செல் தாளில் வரிசைக்கு ஒரு ஒப்பந்தம், பத்திக்கு ஒரு பிரிவு என்று அடுக்கினால்தான் ஓட்டை தெரியும்.

முதல் பத்தி, ஃபோர்ஸ் மஜூர். வெள்ளம், போர் போன்றவற்றால் வேலை நின்றால் பொறுப்பில்லை என்பது இதன் சாரம். கூரியர்காரர் அந்தப் பட்டியலில் டீசல் விலையேற்றத்தையும் சேர்த்திருந்தால் சிவப்பு மை தேவை. செலவு கூடியது மட்டும் ஃபோர்ஸ் மஜூர் ஆகாது என்று எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஆனால், ஒப்பந்தமே விலையேற்றத்தை வெளிப்படையாகச் சேர்த்திருந்தால் நிலைமை மாறலாம்.

அடுத்த இரண்டு பத்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். சர்வர் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு, தகவல் கசிந்தால் முழு இழப்பையும் ஈடுசெய்வதாக உறுதி தருகிறது. 14ஆம் பிரிவோ, "வேறெங்கு என்ன சொல்லப்பட்டிருந்தாலும்" மொத்தப் பொறுப்பு கடந்த 12 மாதக் கட்டணத்தைத் தாண்டாது என்கிறது. கட்டணம் 6 லட்சம், இழப்பு 40 லட்சம் என்றால், மீதி 34 லட்சம் வாடிக்கையாளர் தலையில்தான் விழும்.

ஆகவே அட்டவணையில் நான்காவது பத்தி ஒன்றும் வேண்டும்: வரம்புக்கு விதிவிலக்கு உண்டா? அது காலியாக இருந்தால், கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.