இரண்டு சாண் தள்ளி ஒரு வில்

அடுத்த முறை வானவில்லைக் கண்டால், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று உங்கள் தலையின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வில்லின் மையம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. கையை முழுதாக நீட்டி, விரல்களை விரித்து அங்கிருந்து அளந்தால், வில் ஏறக்குறைய இரண்டு சாண் தள்ளி நிற்கும். கணக்கில் அது 42 பாகை. எந்த ஊர் மழையானாலும் இந்த அளவு மாறுவதில்லை.

மழைத்துளிக்கு எப்படி இந்தக் கணக்கு தெரிந்தது? 1637இல் பிரெஞ்சுக்காரர் தெக்கார்த் உருண்டையான ஒரே ஒரு துளியை எடுத்துக்கொண்டு, அதன்மேல் விழும் கதிர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். கதிர் துளிக்குள் நுழையும்போது வளைகிறது. பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. வெளியேறும்போது மறுபடி வளைகிறது. பின்சுவரில் ஒளி முழுவதும் திரும்பிவிடுவதாகப் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. பெரும்பங்கு அந்தப் பக்கமே வெளியேறிப் போய்விடும். மிஞ்சித் திரும்பும் சிறு பங்குதான் நாம் பார்க்கும் வில்.

துளியின் நட்டநடுவில் விழும் கதிர் வந்த வழியே திரும்பும், கோணம் சுழி. மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் விழுவது 28 பாகை விலகித் திரும்பும். பத்தில் எட்டுப் பங்கு தள்ளி விழுந்தால் 41. இன்னும் சற்றுத் தள்ளினால் 42. அதற்கு மேலும் விளிம்பை நெருங்கினால் கோணம் கூடும் என்றுதானே நினைப்போம்? குறைகிறது! பத்தில் ஒன்பதில் 41½. விளிம்பை உரசும் கதிருக்கு வெறும் 14.

ஆக, 42 என்பது கோணம் ஏறி இறங்கும் உச்சி. ஊஞ்சல் நடுவில் விரைந்து கடந்து, கோடியில் ஒரு கணம் தயங்கித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். கதிர்களும் அப்படித்தான். உச்சியை ஒட்டி விழுபவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் திரும்பிக் குவிகின்றன. மற்றக் கோணங்களுக்கும் ஒளி போகிறது. ஆனால் சிதறிப் போகிறது, நிறங்களும் ஒன்றோடொன்று கலந்து வெளிறிவிடுகின்றன. வில்லின் உட்புற வானம் வெளிப்புறத்தைவிட வெளிச்சமாக இருப்பதைக் கவனித்தால் இது புரியும். ஒருமுறை மட்டும் எதிரொளித்த கதிர் 42ஐத் தாண்டாது; அதனால்தான் வெளிப்புறம் இருண்டிருக்கிறது.

தண்ணீரில் சிவப்பு சற்றுக் குறைவாக வளைவதால் அதன் உச்சி 42½ பாகையை ஒட்டி அமைகிறது, ஊதாவுக்கு 40½. வில்லின் அகலம் இந்த இடைவெளிதான். வெளி ஓரத்தில் சிவப்பு வருவதும் இதனால்தான்.

சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால், சமதரையில் நிற்பவருக்கு வில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். உச்சி வெயிலில் மழை தூறினால் வானத்தை அண்ணாந்து தேட வேண்டாம். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சி, குனிந்து உங்கள் நிழலைச் சுற்றிப் பாருங்கள்.