'பாப்' என்றொரு சத்தம்

1867-இல் எடின்பரோவில் லாடர் பிரண்டன் என்ற மருத்துவர், நெஞ்சுவலிக்காரர்களுக்கு அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்தார். வலி சட்டென்று தணிந்தது. பின்னாளில் அது அடைத்து வந்த கண்ணாடிக் குப்பியை நசுக்கும்போது எழுந்த 'பாப்' சத்தமே, இன்று போதைக்காக முகரும் 'பாப்பர்ஸ்' என்ற பெயருக்குக் காரணம்.

முகர்ந்த சில நொடிகளில் ரத்தக் குழாய்கள் விரியும். முகம் சிவக்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். ஓரிரு நிமிடத்தில் பெரும்பாலும் உடல் சமாளித்துக்கொள்ளும். குழாயை விரியச் சொல்லும் வேதிச் செய்தியை அழிக்க ஒரு நொதி இருக்கிறது. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் ஆண்மைக் குறைவுக்கும் தரப்படும் சில்டெனாஃபில் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் சரிந்த அழுத்தம் எளிதில் மீளாது; மயக்கம், மாரடைப்பு, மரணம்வரை போகலாம். நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினோடு சேர்ந்தாலும் ஆபத்துதான்.

நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போனால், முகர்ந்ததையும் விழுங்கியதையும் கூச்சப்படாமல் முதலில் சொல்லிவிடுங்கள்.